உங்களுக்குத் தெரியுமா? நூற்றுக்கு மேற்பட்ட விகிதம்

ஒரு மாவட்டத்தின் மாணவர் சேர்வு விகிதம் நூற்றைக் கடந்தும் நிற்கக்கூடும். வயது எதுவாயினும் அந்நிலை வகுப்புகளில் படிப்போர் அனைவரையும் கூட்டி, அந்நிலைக்குரிய வயதுள்ள ஜனத்தொகையால் வகுப்பது மொத்த விகிதம். உரிய வயதினரை மட்டுமே கூட்டி வகுப்பது நிகர விகிதம். பாடசாலைத் தொகைமதிப்பிலிருந்து வரும் மாணவர் தொகை பாடசாலை நிற்கும் இடத்தைப் பற்றியது. ஜனத்தொகையோ பிள்ளை வசிக்கும் இடத்தைப் பற்றியது. ஆகவே, மாத்தளையில் வசித்துக் கண்டி மாவட்டத்து வித்தியாசாலைக்குச் செல்லும் பிள்ளை, ஒருநாளும் பள்ளியை விட்டு நீங்காதிருந்தும், மாத்தளையின் விகிதத்தைக் குறைத்துக் கண்டியின் விகிதத்தை உயர்த்திவிடுகிறது.

இடைவிலகல் வீதத்திலும் இதே சிக்கல் உண்டு. உதாரணமாக, மாத்தளையில் இவ்வாண்டு எட்டாந்தரத்தில் 200 பேர் இருந்து, அவர்களுள் 184 பேர் மறுவருடம் ஒன்பதாந்தர இடாப்பிலும், 6 பேர் மீண்டும் எட்டாந்தரத்திலும் காணப்பட்டால், காணாத பத்துப் பேரைக் கொண்டு வீதம் 5 என்று கணிப்பார்கள். அப்பத்துப் பேருள் எழுவர் விடுகைப் பத்திரம் பெற்றுக் கண்டியில் சேர்ந்திருப்பின், உண்மையில் விலகியோர் மூவரே, வீதம் 1.5 ஆகும். பெற்றோர் வேலை தேடி இடம்பெயரும் தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் விஷயத்தில் இவ்வேறுபாட்டை விசாரித்தறிவது மிக அவசியம். இரு மாவட்டங்களும் மத்திய மாகாணத்தவை. மாகாணத்துக்கு ஒருசேரக் கணக்கிடும்போது அவ்வெழுவரும் இடைவிலகியோராகத் தோன்றார்.