மோட்டார் தண்டு ஏன் திடீரென முறிகிறது?

செம்பனை ஆலையிலோ பிறை தொழிற்பேட்டையிலோ பம்பு ஓட்டும் தண்டு ஒருநாள் இரண்டாக முறிந்து விழும். முறிந்த முகத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு பக்கம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வளைவுகள் இருக்கும். மீதி சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பகுதி, விரிசல் மெல்ல வளர்ந்த இடம். சொரசொரப்பு, கடைசியில் ஒரேயடியாகப் பிளந்த இடம். உலோகச் சோர்வின் அடையாளம் இது.

சுழலும் தண்டு பாரத்தால் வளையும்போது மேல்புறம் அழுந்தும், கீழ்ப்புறம் இழுபடும். ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டையும் அனுபவிக்கிறது. ரயில் அச்சுகள் இப்படி முறிவதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் சோதித்தார். தகைவையும் அது எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதையும் சேர்த்து வரைவதே எஸ்-என் வளைகோடு. எஃகில் இக்கோடு சுமார் 10 லட்சம் சுற்றுக்குப் பின் படுத்துவிடும். அந்தத் தகைவே தாங்கு எல்லை. அதற்குக் கீழே முறிவு வராது என்று கொள்கிறார்கள். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

600 மெகாபாஸ்கல் இழுவலிமை உள்ள எஃகுத் தண்டை எடுத்துக்கொள்வோம். பளபளப்பாக மெருகேற்றிய மாதிரிக்குத் தாங்கு எல்லை அதில் பாதி, அதாவது 300. கடைசல் இயந்திரத்தில் கடைந்த தண்டுக்கு இதை 0.828-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 248 வரும். சூடாக உருட்டி அப்படியே விட்ட தண்டுக்கு 0.584-ஆல் பெருக்கினால் சுமார் 175. உளியின் கீறல்களும் செதிலும் விரிசலுக்கு முளைவிடும் இடங்கள். வளைவில் தகைவு மேற்பரப்பில்தான் அதிகம்.

இப்போது தண்டில் 280 மெகாபாஸ்கல் தகைவு விழுகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடுகிறது. 1,000 சுற்றில் 540, பத்து லட்சத்தில் தாங்கு எல்லை என இரு புள்ளிகளை மடக்கைத் தாளில் நேர்கோட்டால் இணைத்து, 280-க்கு நேரே படிக்க வேண்டும். கடைந்த தண்டு சுமார் 3,40,000 சுற்று, அதாவது நான்கு மணி நேரம் தாங்கும். செதிலோடு இருப்பது சுமார் 56,000 சுற்று, நாற்பது நிமிடத்தில் போய்விடும். மெருகேற்றியதற்கு 280 எல்லைக்குக் கீழே, கணக்குப்படி முறியாது. உருவ அளவு, சாவிப்பள்ளம் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்தால் எண்கள் இன்னும் குறையும். ஒரே மாதிரியான தண்டுகளின் ஆயுளே பல மடங்கு வேறுபடும் என்பதால் இவற்றை மதிப்பீடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

முறிந்ததும் விலை உயர்ந்த எஃகு வாங்குவது வழக்கம். 1,000 மெகாபாஸ்கல் எஃகு வாங்கிச் செதிலோடு போட்டால் எல்லை 175-லிருந்து 200-க்குத்தான் ஏறும், ஏனெனில் வலிமை கூடக் கூட கீறலின் பாதிப்பும் கூடுகிறது. பழைய எஃகையே நன்றாகக் கடைந்தால் 248 கிடைக்கும். ஜார்ஜ்டவுன் கரையோரம் போல உப்புக்காற்று படும் இடத்தில் இன்னொரு சிக்கல்: துரு குழி பறித்துக்கொண்டே இருப்பதால் கோடு படுப்பதே இல்லை. அங்கே தாங்கு எல்லையை நம்பிக் கணக்கிடக் கூடாது. வண்ணமோ பூச்சோ பூசி, காலம் குறித்து மாற்றிவிடுவதே வழி.