விரல் வைத்தது ஐந்து முறை, வேலை எத்தனை மணி?

தொழிற்சாலை வாசலில் இருக்கும் ரேகை மெஷினுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. எந்த எண்ணுள்ள ஆள், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு விரல் வைத்தார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அவர் உள்ளே போனாரா வெளியே வந்தாரா என்பதுகூடப் பல இடங்களில் அதற்குத் தெரியாது. ஒரே வாசல், ஒரே மெஷின். அவசரத்தில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று பட்டன் அமுக்க யாருக்குப் பொறுமை? ஆனால் மாதக் கடைசியில் வந்த நாள், லேட், அரை நாள் எல்லாம் இந்த வரிகளிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை; 10 நிமிடம் சலுகை. ஏழரை மணி நேரம் இருந்தால் முழு நாள், நாலு மணிக்கு மேல் இருந்தால் அரை நாள், அதற்கும் குறைந்தால் வராத கணக்கு. 117-ஆம் எண்காரரின் பதிவுகள்: 9:07, 9:08, 13:04, 13:41, 18:02. மெஷின் ‘தேங்க் யூ’ சொன்னது காதில் விழாமல் காலையில் இரண்டாவது முறை விரலை வைத்திருக்கிறார்.

இதை அப்படியே ஜோடி சேர்த்தால் என்ன ஆகும்? 9:07-க்கு வந்து 9:08-க்குப் போனார், 13:04-க்கு வந்து 13:41-க்குப் போனார், கடைசிப் பதிவு துணையில்லாமல் நிற்கிறது. நாள் முழுக்க உழைத்தவர் 38 நிமிடம் வேலை பார்த்ததாகக் கணக்கு வரும்! அதனால் முதல் வேலை, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் திரும்ப விழுந்த பதிவுகளை நீக்குவது. 9:08 போனதும் காலையில் 3 மணி 57 நிமிடம், மதியம் 4 மணி 21 நிமிடம், மொத்தம் 8 மணி 18 நிமிடம். முழு நாள். லேட்டும் இல்லை.

முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் மட்டும் பார்க்கும் பழக்கமும் உண்டு. சுலபம்தான், ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் வெளியே போனவர் அதில் தெரியமாட்டார். ஜோடிக் கணக்கில் அவர் தெரிவார். ஆனால் சாப்பிட்டுத் திரும்பும்போது ஒரு முறை மறந்தால் போதும், மதிய வேலை முழுக்கக் காணாமல் போய்விடும். என் பார்வையில் லேட்டுக்கு முதல் பதிவு, நேரத்துக்கு ஜோடி. நீக்கிய பிறகும் பதிவுகள் ஒற்றைப்படையில் நின்றால் கணக்கே போடக் கூடாது. ‘மிஸ் பஞ்ச்’ என்று தனியே ஒதுக்கி, சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

நைட் ஷிப்டில் வேறு கூத்து. 12-ஆம் தேதி இரவு 21:52-க்கு வந்தவர் 13-ஆம் தேதி காலை 6:04-க்குப் போகிறார். அன்றிரவு 21:49-க்கு மறுபடி வருகிறார். காலண்டர் தேதிப்படி பார்த்தால் 13-ஆம் தேதி 6:04 முதல் 21:49 வரை, கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் அவர் உள்ளேயே இருந்ததாகத் தெரியும். நாளை நள்ளிரவில் வெட்டாமல் நண்பகலில் வெட்டினால் இது சரியாகும். எக்செல்லில் நேரம் B2-வில் இருந்தால், அரை நாளைக் கழித்துத் தேதியை எடுக்கலாம்:

```
=INT(B2-0.5)
```

இப்போது 21:52-உம் 6:04-உம் 12-ஆம் தேதிக்கே போய்ச் சேரும். பகல் ஷிப்டுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். காலைப் பதிவுகள் முந்தைய நாளுக்கு ஓடிவிடும். அதற்கு வெறும் `=INT(B2)` போதும்.

அடுத்து லேட். 13:30-க்கு வந்தவருக்கு அரை நாள் கழித்துவிட்டு லேட்டும் போடுவது இரட்டைத் தண்டனை. அதனால் அரை நாளா என்று முதலில் பார்த்து, முழு நாள் என்று தேறியவருக்கு மட்டும் லேட்டைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு வாசல் வழியாக வந்த எல்லோரும் ஏழெட்டு நிமிடம் லேட் என்றால், சந்தேகப்பட வேண்டியது ஆட்களை அல்ல, மெஷினின் கடிகாரத்தை.

பல நிறுவனங்களில் மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போகும். 14, 17, 12 நிமிடம் என மூன்று நாள் தாமதித்தவர் இழந்தது 43 நிமிடம். போவது நாலு மணி நேரச் சம்பளம். வேலையில் இல்லாத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த பொது விதி. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. விடுப்புக் கணக்கில் கழிக்கிறோம் என்று சில எச்.ஆர். அலுவலர்கள் சமாளிப்பார்கள். விடுப்பு தீர்ந்த மாதத்தில் அந்தச் சமாளிப்பு நிற்காது. பட்டியலில் லேட் குறிக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்றும் ஒரு பத்தி இருந்தால், 43 நிமிடத்துக்கு உரியதை மட்டும் பிடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம்.