அணைத்த பிறகும் பதிவான இடம்

போனில் Location History என்ற வசதியை அணைத்துவிட்டால், நாம் போகும் இடங்களை கூகுள் சேமிக்காது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் Web & App Activity என்று இன்னொரு அமைப்பு இருந்தது. கணக்கு தொடங்கும்போதே அது தானாக இயங்கும் நிலையில் இருந்தது. மேப்பைத் திறந்தாலோ எதையாவது தேடினாலோ, இடம் அதன் வழியே பதிவானது. 2018 ஆகஸ்டில் ஏ.பி. செய்தி நிறுவனம் இதை வெளிப்படுத்தியது.

அதைப் படித்த கூகுள் ஊழியர்களே உள்ளுக்குள் எதிர்ப்பு எழுதினார்கள். தன் போனில் இடப்பதிவை அணைத்துவிட்டதாகவே நினைத்திருந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், இந்த இரண்டாவது அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். தனியுரிமையில் அக்கறையுள்ள கூகுள் பொறியாளரையே குழப்பும் அளவுக்கு விளக்கங்கள் இருப்பது நல்லதல்ல என்று எழுதினார். அணைத்தால் அணைந்ததாகவே பொருள்பட வேண்டும் என்பது இன்னொருவரின் வாதம்.

என் பார்வையில் இந்தக் குறிப்புகளின் வலு இங்கேதான் இருக்கிறது. விதிமுறைப் பக்கத்தில் எங்கோ எழுதிவைப்பது சம்மதம் ஆகாது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று பயனருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அரிசோனா மாநிலம் தொடுத்த வழக்கில் 2020-ல் இந்தக் குறிப்புகள் வெளியாயின. 2022 அக்டோபரில் 8.5 கோடி டாலர் கொடுத்து கூகுள் வழக்கை முடித்துக்கொண்டது. உங்கள் கணக்கில் அந்த இரண்டாவது அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.