போன் ஊழியருடையது, அதிலுள்ள ஆதார் படம் யார் பொறுப்பு?

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியைச் சுற்றியுள்ள டிக்கெட் ஏஜென்ட் வேலையில் வாட்ஸ்ஆப் இல்லாமல் ஒன்றும் நகராது. ஹேவ்லாக் போக வேண்டிய குடும்பம் ஆளுக்கொரு ஆதார் படத்தை அலுவலக ஊழியருக்கு அனுப்புகிறது. அவர் அதை வரிசையில் நிற்கும் சக ஊழியருக்குத் தள்ளிவிடுகிறார். கடல் சரியில்லை, நாளைக் காலைப் படகு ரத்து என்றால் அந்தத் தகவலும் அதே வழியில்தான் வருகிறது. இத்தனையும் ஊழியரின் சொந்த போனில், சொந்த நம்பரில். அவர் வேலையை விட்டுப் போகும்வரை இதில் சிக்கல் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

ஐந்து பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் பார்த்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். முதலாளி அவரைக் குரூப்பிலிருந்து நீக்குகிறார். அதனால் புதிய செய்திகள் அவருக்கு வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே வந்தவை அவர் போனிலேயே இருக்கும். ஆதார், பாஸ்போர்ட் படங்கள் கேலரியில் தாமாகவே சேர்ந்திருக்கும். பேக்கப் போட்டிருந்தால் அவருடைய சொந்தக் கூகுள் கணக்கிலும் ஒரு பிரதி கிடக்கும். வழக்கமான வாடிக்கையாளர்கள் அடுத்த சீசனிலும் அந்த நம்பரைத்தான் அழைப்பார்கள்.

“போனைக் கொடு, அழித்துவிட்டுத் தருகிறேன்” என்று முதலாளி கேட்கலாம், பிடுங்க முடியாது. போன் ஊழியருடைய சொத்து. அதில் அவர் மனைவியின் மருத்துவச் சீட்டும் இருக்கும். அதே சமயம், அந்த ஆதார் படங்களை வேறு எதற்கும் பயன்படுத்த அந்த ஊழியருக்கும் உரிமையில்லை. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கைக்கு வந்த தனிப்பட்ட விவரத்தை, ஒருவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் அவர் கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டுமே!

பயணியின் கண்ணில் பொறுப்பாளி அலுவலகம்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: எந்த நோக்கத்துக்காக, எந்த வழியில் தரவைக் கையாள்வது என்று தீர்மானிப்பவரே பதில் சொல்ல வேண்டும். ஊழியரின் சொந்த போன் என்பது சாக்காகாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சின்ன ஏஜென்சிக்கு அந்தத் தொகை வரும் என்று மிரட்டுவது சரியல்ல. மீறலின் தன்மையையும் அளவையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் எடைபோட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. பழக்கத்தை மாற்ற அந்த அவகாசம் போதும்.

எனவே அலுவலகக் கொள்கையில் எழுத வேண்டிய முதல் விதி நம்பரைப் பற்றியது. அலுவலகப் பெயரில் ஒரு சிம், அதில் வாட்ஸ்ஆப் பிசினஸ். ஒரு போனோடு மேலும் நான்கு சாதனங்களை இணைக்கலாம் என்பதால் ஐந்து பேர் அலுவலகத்துக்கு ஒரே நம்பர் போதும். யாராவது விலகினால் அவருடைய இணைப்பைத் துண்டித்தால் முடிந்தது; வாடிக்கையாளரும் கணக்கும் அலுவலகத்திடமே இருக்கும். ஒரு மலிவு போனின் விலையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலரும் இந்தத் தொல்லையை வாங்கிக்கொள்கிறார்கள்.

சொந்த போன் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. ஜெட்டியில் நிற்பவருக்கு இன்னொரு போன் வாங்கித் தர எல்லா அலுவலகத்தாலும் முடியாது. அங்கே விதியைத் தெளிவாக எழுதலாம்: “சொந்த போனில் நேரமும் இடமும் பற்றிய பேச்சு மட்டும். பயணியின் அடையாள அட்டை, வங்கி விவரம் வந்தால் அலுவலக நம்பருக்கு அனுப்பிவிட்டு, பயணம் முடிந்த அன்றே கேலரியிலிருந்தும் சாட்டிலிருந்தும் அழிக்க வேண்டும். ரீசார்ஜில் இவ்வளவு ரூபாயை அலுவலகம் தரும்.” கடைசி வரியை விட்டுவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் படங்கள் தாமாகக் கேலரியில் சேர்வதை நிறுத்த அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது; வேலையில் சேரும் நாளிலேயே அதை அணைக்கச் சொல்லலாம்.

செய்தியைப் பார்க்காததற்குத் தண்டனை என்ற விதி இந்தத் தீவுகளில் எடுபடாது. நடுக்கடலில் சிக்னல் இருக்காது. படகு ரத்து போன்ற அவசரத்துக்குக் குரல் அழைப்பு. பதில் இல்லையென்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று பெயர் வரிசை. இரவு எத்தனை மணிக்குப் பிறகு அவசரம் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

ஊழியர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குரூப்பில் முதலாளியைத் திட்டினால்? 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் இப்படி ஒரு வழக்கு வந்தது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் சக ஊழியர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் நிர்வாகத்தைக் கிண்டலடித்துப் பதிவிட்டார். வங்கி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்துசெய்தார். தனிப்பட்ட குழுவுக்குள் மனக்குறையைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். நிறுவனத்தின் பெயருக்கே பங்கம் வந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்ற எல்லையும் அதில் உண்டு. அந்தமான் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் மதுரைத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதிடலாம். அதனால் கொள்கை அலுவலக நம்பரையும் அலுவலகக் குரூப்பையும் மட்டும் ஆளட்டும். ஊழியர்களின் சொந்தக் குரூப்புக்குள் ஒற்றர் வைக்க வேண்டாம்.

சாட்சியம் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. “அவர்தான் படகு மாறியதாகச் சொன்னார்” என்று பணத்தகராறு நீதிமன்றம்வரை போனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. சாதனம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒருவர் மறுபகுதியிலும் கையெழுத்திட வேண்டும். செய்தி எதிர்க்கடைக்குப் போனவரின் போனில் மட்டும் இருந்தால், முதலாளி அவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியதுதான். தானாக அழியும் செய்தி வசதியை அலுவலக நம்பரில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். அமெரிக்காவில் ஜே.பி. மோர்கன் நிறுவனம், ஊழியர்கள் சொந்த போனில் நடத்திய வேலைப் பேச்சுகளைப் பாதுகாத்து வைக்காததற்காக 2021 டிசம்பரில் மொத்தம் 20 கோடி டாலர் கட்டியது.

போன் தொலைந்தால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைக்கலாம். அன்றே முதலாளியிடம் சொல்ல வேண்டும். மறைத்தால்தான் தவறு, தொலைத்தது தவறல்ல என்று கொள்கையில் இருந்தால் சொல்வார்கள். சிம்மை முடக்கி, அதே நம்பரில் மாற்று சிம் வாங்கி, வேறு போனில் வாட்ஸ்ஆப்பைப் பதிந்தால் பழைய போனில் கணக்கு வெளியேறிவிடும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தடுக்கலாம். திரைப்பூட்டு இல்லாத போனில் கேலரிப் படங்கள் அப்படியேதான் கிடக்கும். எனவே எந்தெந்தப் பயணிகளின் அட்டைகள் அதில் இருந்தன என்று பட்டியல் எடுத்து அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், ஏஜென்ட் அதை ஏற்பாரா என்று முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பயணம் முடிந்ததும் படத்தை அழித்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் அட்டையை வைத்துப் பண மோசடி நடந்தால் 1930-க்கு அழைத்து, cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள்.