பத்து ரூபாய்ப் பங்கு நான்கு ரூபாயாகும்போது

பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை நான்கு ரூபாயாகக் குறைக்கப்போவதாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால், பங்குதாரருக்கு ஆறு ரூபாயைப் பறிகொடுத்தது போலத்தான் இருக்கும். உண்மையில் அந்தக் கடிதத்தால் அவர் இழப்பது எவ்வளவு? பி.காம். தேர்வில் வருவது போன்ற ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தில் பத்து ரூபாய்ப் பங்குகள் 10 லட்சம் இருக்கின்றன. அந்த மூலதனம் 100 லட்சம். நூறு ரூபாய் முன்னுரிமைப் பங்குகள் 40,000. அது 40 லட்சம். வங்கிக் கடன் 50 லட்சம், சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 30 லட்சம். ஆக, ஒரு பக்கம் மொத்தம் 220 லட்சம்.

மறுபக்கத்தில் நிலமும் கட்டடமும் 60, இயந்திரம் 50, சரக்கிருப்பு 20, வரவேண்டிய கடன் 14, வங்கியிருப்பு 3. கூட்டினால் 147தான் வருகிறது. மீதி 73 லட்சத்தில் 54 பல ஆண்டுகளாகச் சேர்ந்த நட்டம், 4 நிறுவனம் தொடங்கியபோது ஆன பூர்வாங்கச் செலவு, 15 நற்பெயர். நட்டத்தையும் பூர்வாங்கச் செலவையும் கற்பனைச் சொத்துகள் என்பார்கள். விற்றால் ஒரு ரூபாய்கூட வராது. இரு பக்கமும் சமமாக வேண்டும் என்பதற்காகவே சொத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நற்பெயர் அந்த வகையல்ல, நல்ல நிறுவனத்தில் அதற்கு விலையுண்டு. ஆனால் ஆண்டுக்காண்டு நட்டம் காணும் நிறுவனத்தின் நற்பெயருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்த 73 லட்சத்தை நீக்க வேண்டும். இயந்திரத்தில் 2, வராக்கடனில் 1 என மேலும் 3 லட்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆகத் தேவை 76. இதற்கென மூலதனக் குறைப்புக் கணக்கு என்று ஒன்று திறக்கிறார்கள். சாதாரணப் பங்குக்கு ஆறு ரூபாய் வீதம் 60 லட்சம், முன்னுரிமைப் பங்கை 80 ரூபாயாக்குவதால் 8 லட்சம், நிலத்தின் மறுமதிப்பீட்டு உயர்வு 10 லட்சம் என 78 லட்சம் அதன் வரவுப் பக்கம் சேர்கிறது. 76 போக மீதி 2 லட்சம் மூலதனக் காப்புக்குப் போகும். அதை ஈவுத்தொகையாகப் பங்கிட முடியாது.

திருத்திய இருப்புநிலைக் குறிப்பு (லட்ச ரூபாயில்):

| பொறுப்புகள் | | சொத்துகள் | |
|---|---|---|---|
| சாதாரணப் பங்கு (ரூ.4) | 40 | நிலம், கட்டடம் | 70 |
| முன்னுரிமைப் பங்கு (ரூ.80) | 32 | இயந்திரம் | 48 |
| மூலதனக் காப்பு | 2 | சரக்கிருப்பு | 20 |
| வங்கிக் கடன் | 50 | கடனாளிகள் | 13 |
| கடனீந்தோர் | 30 | வங்கி | 3 |
| மொத்தம் | 154 | மொத்தம் | 154 |

மாணவர்கள் பலர் இங்கே பங்குகளின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுகிறார்கள். முகமதிப்புதான் குறைகிறது, பங்குகள் அதே 10 லட்சம்தான். வங்கியிருப்பும் அதே 3 லட்சம், ஏனென்றால் இந்தச் சீரமைப்பில் காசு எதுவும் கைமாறவில்லை.

இனி அந்த ஆறு ரூபாய்க்கு வருவோம். சொத்துகளின் உண்மை மதிப்பு 154. கடன் 80 போக மிஞ்சுவது 74. பழைய நிலையில் முன்னுரிமைப் பங்குக்கு 40 கொடுத்தால், சாதாரணப் பங்குகளுக்கு மிச்சம் 34 லட்சம். அதாவது பத்து ரூபாய் என்று அச்சிட்ட பங்கின் மதிப்பு 3 ரூபாய் 40 காசு. சீரமைப்புக்குப் பின் முன்னுரிமைக்கு 32 போக 42 மிஞ்சுகிறது. பங்குக்கு 4 ரூபாய் 20 காசு. ஆறு ரூபாய் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்பட்டவருக்கு எண்பது காசு கூடியிருக்கிறது! அந்த 8 லட்சம் முன்னுரிமைப் பங்குதாரரின் பையிலிருந்து வந்தது. இந்தத் திட்டத்தில் உண்மையாகவே இழப்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஏன் சம்மதிக்கிறார்? நிறுவனச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, பழைய நட்டத்தை ஈடுகட்டாமல் ஈவுத்தொகை தர முடியாது. ஆண்டுக்கு 8 லட்சம் இலாபம் வந்தாலும் 54 லட்சம் தீர ஏறக்குறைய ஏழாண்டு ஆகும். நட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் அடுத்த ஆண்டே ஈவு பெற வழி பிறக்கிறது. பெரும்பாலும் விகிதத்தையும் சேர்த்து உயர்த்துவார்கள்: நூறு ரூபாய்க்கு 8 சதவீதம் என்பதை எண்பது ரூபாய்க்கு 10 சதவீதமாக்கினால் ஆண்டுக்கு அதே எட்டு ரூபாய் கிடைக்கும். நிறுவனம் கலைக்கப்பட்டால் அந்த இருபது ரூபாய் இல்லை என்பதை மட்டும் அவர் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இதற்குச் சிறப்புத் தீர்மானத்தையும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலையும் கேட்கிறது. கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபிக்க மூன்று மாதம் அவகாசம் தர வேண்டும். பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் பாக்கி வைத்திருந்தால் மூலதனத்தைக் குறைக்கவே முடியாது.

இப்படி ஒரு திட்டம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் நிலத்தின் மறுமதிப்பீட்டைப் பாருங்கள். பங்குதாரர் விட்டுக்கொடுப்பது போதாதபோது, பற்றாக்குறையை மறைக்க எளிதாக உயர்த்தக்கூடிய எண் அதுதான். நமது கணக்கில் அந்த 10 லட்சம் பொய்யென்றால் தேவையான 76க்கு 68தான் இருக்கிறது. 8 லட்சம் நட்டம் நிலத்தின் பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும். மதிப்பிட்டவர் யார், எந்தத் தேதியில், அக்கம்பக்கத்து விற்பனை விலை என்ன என்று கேளுங்கள். அடுத்த கேள்வி நடைமுறை மூலதனம் பற்றியது. 3 லட்சம் வங்கியிருப்போடு 30 லட்சம் சரக்குக் கடனைச் சமாளிக்க வேண்டிய இந்த நிறுவனத்துக்குப் புதுப்பணம் யார் தருகிறார்கள் என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.