நூறு பாட்டில் போனால் எத்தனை திரும்பும்?

குப்பையைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேசச் சொன்னால், பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பட்டிமன்றத்தைத்தான் நடத்துகிறார்கள். பிளாஸ்டிக் வில்லன், கண்ணாடி கதாநாயகன். தீர்ப்பு, கைதட்டல், அப்புறம் முதல் பீரியட். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. அதனால் அதே தலைப்பில் வேறு மாதிரி ஓர் உரையாடலை எழுதிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருவர் பேசுகிறார்கள். மீனா கண்ணாடிக் கட்சி, கதிர் பிளாஸ்டிக் கட்சி என்று வைத்துக்கொள்வோம். மேசை மேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கடையில் கேட்டு வாங்கிய காலி சோடா பாட்டில், ஒரு தராசு, ஒரு டம்ளர் தண்ணீர். இவ்வளவு போதும்.

கதிர்: முதல்ல தராசுல வைப்போம். என் பாட்டில் சுமார் 25 கிராம். ஒரு லிட்டர் பிடிக்கிற கண்ணாடி பாட்டில்னா அரைக் கிலோவாவது வரும். ஆயிரம் பாட்டிலை லாரியில ஏத்தினா எனக்கு 25 கிலோ, உனக்கு 500 கிலோ. உள்ளே இருக்கிற தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்த அரை டன்னுக்கு டீசல் யார் போடுறது?

மீனா: எடையை ஒத்துக்கிறேன். ஆனா உன் பாட்டில் பெட்ரோலியத்துல இருந்து வருது. என்னோடது மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல், அவ்வளவுதான்.

கதிர்: அந்த மணலை உருக்க உலையில 1,500 டிகிரி சூடு வேணுமே! பெட் பிளாஸ்டிக் 260 டிகிரியிலேயே உருகிடும்.

மீனா: உடைஞ்ச கண்ணாடியைக் கலந்து போட்டா உலைக்கு எரிபொருள் குறைவா பிடிக்கும். எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாம மறுபடி பாட்டில் ஆகும். உன் பாட்டில் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாத்தான் போகுது. அந்தச் சட்டை கிழிஞ்சா திரும்பப் பாட்டிலா வராது.

இந்த இடத்தில் கதிர் ஒரு செய்முறை காட்ட வேண்டும். பாட்டிலின் உடம்பிலிருந்து சின்னத் துண்டு ஒன்றையும் மூடியிலிருந்து ஒன்றையும் வெட்டி டம்ளரில் போடட்டும். இரண்டையும் விரலால் ஒருமுறை அமுக்கிவிட்டால் பாட்டில் துண்டு அடியில் தங்கிவிடும், மூடித் துண்டு மேலே வந்துவிடும். ஒரே பாட்டிலில் இரண்டு வகைப் பிளாஸ்டிக் இருக்கிறது. மறுசுழற்சி ஆலைகளும் பாட்டிலைத் துண்டு துண்டாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு இப்படித்தான் பிரிக்கின்றன. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பிவிசி என்கிற இன்னொரு பிளாஸ்டிக்கும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி, உருக்கியதையே கெடுத்துவிடும். தண்ணீரால் பிரிக்க முடியாததைக் கையாலோ இயந்திரத்தாலோ பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடிக்கும் இந்தத் தலைவலி உண்டு. பழைய இரும்புக் கடைக்காரரிடம் பெட் பாட்டில் மூட்டையைக் கொண்டுபோனால் மறுபேச்சில்லாமல் எடைபோடுவார். உடைந்த கண்ணாடி என்றால் முகத்தைச் சுளிப்பார். கனம் அதிகம், விலை குறைவு, கையைக் கிழிக்கும். அதில் பீங்கான் கோப்பைச் சில்லு ஒன்று கலந்திருந்தாலும் அது உலையில் உருகாமல் கல்லாக நின்று, புதுப் பாட்டிலில் பலவீனமான இடமாகிவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் முதலில் அது சுத்தமாக உலை வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

கதிர்: வந்து சேரலைன்னா என்ன ஆகும்னு நீலகிரியில பார்த்தோமே!

பள்ளி மேடையில் மதுபாட்டிலைப் பற்றிப் பேசுவதா என்று சில ஆசிரியர்கள் தயங்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான உதாரணம் நம் மாநிலத்தில் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை உள்ள நீலகிரியில் காட்டோரங்களில் கண்ணாடி மதுபாட்டில்கள் குவிந்தன. அவை உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவலையானது. நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. வாங்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிறகு திட்டம் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் போனது. அதே கண்ணாடி, அதே குடிகாரர்கள். புதிதாக வந்தது 10 ரூபாய் மட்டும்தான்.

மீனா: அப்போ என் கட்சிதானே ஜெயிக்குது? திரும்பி வந்தா கழுவி மறுபடி நிரப்பலாம். இந்த சோடா பாட்டிலோட தோள்பட்டையைப் பாரு, வெள்ளையா ஒரு வளையம் தேஞ்சிருக்கு. பெட்டியிலயும் கழுவுற இடத்துலயும் பக்கத்துப் பாட்டிலோட உரசி உரசி வந்த தேய்மானம் அது. வளையம் தடிமனா இருந்தா நிறைய தடவை போய் வந்திருக்குன்னு அர்த்தம்.

கதிர்: எத்தனை தடவை வந்தா என் 25 கிராமுக்குச் சமம்? கணக்குப் போடு.

கணக்கு எளிதுதான், கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நூறு பாட்டில் கடைக்குப் போய் 90 திரும்பினால், ஒவ்வொரு சுற்றிலும் 10 புதிதாக வாங்க வேண்டும். அதாவது ஒரு பாட்டில் சராசரியாக 10 முறை பயன்படுகிறது. 500 கிராமைப் பத்தால் வகுத்தால் ஒரு முறைக்கு 50 கிராம் கண்ணாடி. 95 திரும்பினால் 20 முறை, 25 கிராம். இப்போது கதிரின் பாட்டிலுக்குச் சமம். பாதிதான் திரும்புகிறது என்றால் 2 முறை, 250 கிராம். திரும்புகிற எண்ணிக்கை 90லிருந்து 95க்கு ஏறியதும் செலவு பாதியாகிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

எடை சமமானால் எல்லாம் சமம் என்றும் சொல்ல முடியாது. ஒரு கிலோ பெட் பிளாஸ்டிக்கை உருவாக்க, ஒரு கிலோ கண்ணாடிக்கு ஆவதைவிடப் பல மடங்கு ஆற்றல் செலவாகிறது. அதனால் 90 திரும்பினாலே மீனாவின் கை ஓங்கிவிடும். ஆனால் பாட்டிலைக் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும், காலி பாட்டிலை லாரியில் திருப்பி ஏற்ற வேண்டும். ஊருக்குள்ளேயே நிரப்பி ஊருக்குள்ளேயே விற்கும் சோடாவுக்கு இது கட்டுப்படியாகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வருகிற பாட்டிலுக்கு, மீனா சம்பாதித்த லாபத்தை டீசல் தின்றுவிடும்.

கதிர்: கடைசியா ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் எதுல செஞ்சது?

மீனா: பிளாஸ்டிக்.

கதிர்: அதை யாராவது குப்பையில போட்டுப் பார்த்திருக்கியா?

மீனா: எப்படிப் போடுவாங்க? டெபாசிட் கட்டியிருக்கோம். காலி கேனைக் கொடுத்தாத்தானே அண்ணன் அடுத்த கேனை இறக்குவாரு!

மீனா இந்தப் பதிலைச் சொன்னதும் பட்டிமன்றம் முடிந்துவிடுகிறது, நடுவர் தேவையில்லை. என்னைக் கேட்டால், உள்ளூர் சோடாவுக்குத் திரும்பி வரும் கண்ணாடி, வீட்டுத் தண்ணீருக்குத் திரும்பி வரும் கேன், பள்ளிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டில். ஒரு முறை குடித்துவிட்டு எறிகிற பாட்டில் எதனால் செய்யப்பட்டிருந்தாலும் நான் அதன் கட்சியில் இல்லை.

இதை மேடையேற்ற நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. என் கணக்கை அப்படியே ஒப்பிக்க விடாதீர்கள். பள்ளிக்குப் பக்கத்தில் சோடா விற்கும் கடையில், ஒரு பெட்டி போனால் எத்தனை பாட்டில் திரும்புகிறது என்று பிள்ளைகளே கேட்டு வந்து அந்த எண்ணைப் போடட்டும். பிளாஸ்டிக் மூடியை வெட்டும் வேலையை நீங்களே முன்கூட்டிச் செய்துவிடுங்கள். உடைந்த கண்ணாடியை மட்டும் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.