வெற்றுத்தாளும் ஒருமுறை கேட்கும் குரலும்

சென்னை உட்பட உலகின் பல நகரங்களில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், கேட்டல் பகுதியின் மூன்றாவது வினாத்தொகுதி வரும்போது அறையில் பக்கம் புரட்டும் ஓசை கேட்கும். புரட்டிய பக்கத்தில் கேள்வி இருக்காது, படமும் இருக்காது. இந்தத் தொகுதிக்கு எதுவும் அச்சிடப்படவில்லை என்ற அறிவிப்பு மட்டும் இருக்கும்; மீதி இடம் குறிப்பு எழுதுவதற்கு. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் "தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளர் பேசுகிறார்" என்று சொல்லிவிட்டு, மூச்சுவிட இடம் தராமல் செய்தியைத் தொடங்கிவிடும்.

இந்தத் தொகுதியின் பெயர் 'கயியோ ரிகாய்'. சாரத்தைப் புரிந்துகொள்ளுதல் என்று பொருள். முதல் இரண்டு தொகுதிகளில் கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எதைத் தேட வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பேச்சு முடிந்த பிறகுதான் கேள்வி வரும். நான்கு விடைகளையும் குரலிலேயே சொல்வார்கள். எல்லாம் ஒரே முறைதான்.

1984இல் தொடங்கிய இந்தத் தேர்வு, 2010 முதல் என்1 தொடங்கி என்5 வரை ஐந்து நிலைகளாக நடக்கிறது. என்1 தான் உச்சம். என்2 நிலையில் மொத்தம் 180க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் 60க்கு 19க்குக் கீழே போனால், இலக்கணத்திலும் வாசிப்பிலும் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோல்விதான். காஞ்சி எழுத்துகளைக் கரைத்துக் குடித்தவர்கள் கூடக் கேட்டலில் வழுக்கி விழும் இடங்களில் இந்த மூன்றாவது தொகுதியும் ஒன்று.

விழுவதற்குக் காரணம் வேகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஜப்பானியச் செய்தி வாசிப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 எழுத்து என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அப்படியென்றால் நொடிக்கு ஐந்து எழுத்து. தெரியாத ஒரு சொல் காதில் விழுந்து, "இது என்ன?" என்று மனம் மூன்று நொடி நின்றுவிட்டால் பதினைந்து எழுத்து போய்விடும். ஒரு முழுத் தொடரே கைநழுவியிருக்கும். தெரியாத சொல்லை விட, அதற்காக நின்ற அந்த நிற்றல்தான் அதிகம் பறித்துக்கொள்கிறது.

மீதிப் பாதி, செய்திக்கென்று இருக்கும் தனிமொழி. தமிழிலும் இது உண்டு. வீட்டில் "கூடிப்போச்சு" என்பதைச் செய்தியில் "அதிகரித்துள்ளது" என்கிறோம். ஜப்பானியரும் வீட்டில் 'ஃபுஎரு' என்பதைச் செய்தியில் 'ஸோகா சுரு' என்பார்கள். சீன எழுத்துகளால் ஆன இந்தச் சொற்களில் ஒரே ஒலிக்குப் பல பொருள் உண்டு. 'கோஎன்' என்று கேட்டால் அது பூங்காவாக இருக்கலாம், சொற்பொழிவாக இருக்கலாம், மேடை நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். தாளில் எழுத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. காதுக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒரு சொல்லைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் பொருளை முடிவுசெய்யப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எதைப் பற்றிய பேச்சு என்பது முதலில் பிடிபட்டால், 'கோஎன்' தானாகவே தன் பொருளைச் சொல்லிவிடும். முதலில் சாரம், பிறகு சொல் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சாரத்தை எங்கே பிடிப்பது? இந்த இடத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஜப்பானிய மொழியும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. "பாலத்தில் விரிசல் இருந்தது தெரியவந்துள்ளது" என்று நம் செய்தியில் வருவதை, அவர்கள் செய்தியும் அதே வரிசையில் அடுக்கி, 'வகாரிமாஷிதா' என்று முடிக்கும். "எனக் கருதப்படுகிறது" என்பதற்கு 'தோ மிராரேதே இமாசு'. நீண்ட பெயரெச்சத் தொடரைச் சுமந்துகொண்டு, முடிவு வரும்வரை காத்திருப்பது நமக்குப் பழகிய வேலை. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், ஜப்பானியத்தை மனதுக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு அதைத் தமிழாக்கிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வழிப் பாடநூலில் படித்ததால் வந்த பழக்கம் அது. நொடிக்கு ஐந்து எழுத்து ஓடும்போது அந்தச் சுற்றுவழிக்கு நேரம் கிடையாது.

தொடக்க வாக்கியத்தின் முடிவை வைத்தே பேச்சின் வடிவத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். முதல் வாக்கியம் "தெரியவந்துள்ளது", "அறிவித்துள்ளது" என்று முடிந்தால் அது சுத்தமான செய்தி. சாரம் கையில் வந்துவிட்டது; இனி வருவது விவரம். மாறாக, "அண்மைக் காலமாக இப்படி நடந்துவருகிறது" என்றோ "பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்" என்றோ தொடங்கினால், அது வாசல்படி மட்டுமே. வீடு உள்ளே இருக்கிறது. தேர்வில் வருவது அதிகமும் இந்த இரண்டாவது வகை. 'ஷிகாஷி', 'தொகோரோகா' (ஆனால்), 'ஜிட்சுவா' (உண்மையில்), 'சொகோதே' (எனவே) போன்ற சொற்களில் ஒன்று வந்ததும் கதவு திறக்கும். அந்தச் சொல்லுக்கு அடுத்த வாக்கியத்தை எப்பாடுபட்டாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

தேர்வின் பாணியில் அமைந்த ஒரு மாதிரியைப் பார்க்கலாம். வாக்கிய வரிசை ஜப்பானியத்தில் எப்படி வருமோ ஏறத்தாழ அப்படியே தமிழில்:

"நூலகம் என்றாலே பேசக்கூடாத இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த நகரின் மத்திய நூலகத்திலும் சென்ற ஆண்டு வரை, சிறு சத்தம் கேட்டாலே வாசகர்களிடமிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. ஆனால் இந்த ஏப்ரலில், பேசவும் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்கும் ஒரு பகுதி அங்கே திறக்கப்பட்டது. அதன் பிறகு நூலகத்துக்கு வரும் பள்ளி மாணவர்கள் மூன்று மடங்காகியிருக்கிறார்கள். அதோடு, இரவல் எடுக்கப்படும் புத்தகங்களும் கூடியிருக்கின்றன. பேச வந்தவர்கள், பக்கத்து அலமாரியில் கண்ணில் பட்டதை எடுத்துப் போகிறார்கள் என்கிறார் நூலகர். மறுபுறம், துப்புரவுக்கு ஆகும் நேரம் கூடியதால், மாலை வேளைக்குக் கூடுதலாக ஓர் ஊழியர் அமர்த்தப்பட்டிருக்கிறார்."

இப்போது கேள்வி: செய்தி வாசிப்பாளர் எதைப் பற்றிப் பேசுகிறார்? ஒன்று, நூலக வாசகர்களின் புகார்கள். இரண்டு, பேச அனுமதித்ததால் ஏற்பட்ட மாற்றங்கள். மூன்று, பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பழக்கம். நான்கு, துப்புரவுப் பணியில் உள்ள சிக்கல்.

நான்கிலும் உள்ள சொற்கள் பேச்சில் வந்தவைதான். இந்தத் தேர்வின் பொறி அதுவே. கேட்காத சொல்லை வைத்து யாரும் ஏமாற்றுவதில்லை; கேட்ட சொல்லை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். "புகார்" என்பது காதில் பளிச்சென்று விழுந்த சொல் என்பதால் முதல் விடையைக் குறிப்பவர்கள் இருப்பார்கள். "ஆனால்" என்பதற்கு முன்னால் வந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மூன்றாவது விடை இன்னும் ஆபத்தானது. மாணவர், புத்தகம் இரண்டும் உண்மையிலேயே பேச்சின் நடுப்பகுதியில் வருகின்றன. அதை விலக்க ஒரே வழி, விடையை ஒரு குடையாக விரித்து, எத்தனை வாக்கியம் அதன் கீழ் நிற்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது குடையின் கீழ் துப்புரவு ஊழியர் நிற்க முடியாது, நனைந்துவிடுவார். இரண்டாவது குடையில் மாணவர், புத்தகம், ஊழியர் மூவருக்கும் இடமிருக்கிறது.

குறிப்பெழுதும் தாளைப் பார்த்தாலே யார் எப்படிக் கேட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு தாளில் "ஏப்ரல், 3 மடங்கு, மாலை, 1 ஊழியர்" என்று இருக்கும். எண்களும் காலமும் எழுதச் சுலபம் என்பதால் கை அவற்றை ஓடிப் பிடித்திருக்கிறது. கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது. இன்னொரு தாளில் மேலே "நூலகம்" என்று ஒரு சொல். அதன் கீழே குறுக்கே ஒரு கோடு. "ஆனால்" வந்த இடம் அது. கோட்டுக்குக் கீழே "பேசலாம்" என்று எழுதி, அதிலிருந்து மூன்று சிறு அம்புகள். எழுத்து குறைவு. தேர்வுக்குத் தேவையானது முழுக்க அதில் இருக்கிறது. எண்களைக் குறித்துப் பழக வேண்டியது கேள்வியை முன்பே தரும் தொகுதிகளுக்கு. இங்கே அந்தப் பழக்கம் தடையாகவே நிற்கிறது.

யார் பேசுகிறார் என்று முன்னதாகச் சொல்லப்படும் ஒற்றை வரியையும் விட்டுவிடக்கூடாது. செய்தி வாசிப்பாளர் என்றால் பெரும்பாலும் பேச்சின் பொருள் என்ன என்று கேட்பார்கள். நிபுணரோ ஆசிரியரோ என்றால், அவர் வலியுறுத்துவது என்ன என்று கேட்க வாய்ப்பு அதிகம். முன்னதற்குக் குடை போதும். பின்னதற்கு, இறுதியில் வரும் 'ட்சுமாரி' (அதாவது) போன்ற சொல்லை அடுத்து அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

வீட்டில் பயிற்சி செய்வோர் பலர் ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள். புரியாத ஒரு சொல்லைப் பிரித்தறிய அது உதவும். ஆனால் சாரம் பிடிக்கும் பயிற்சிக்கு அது கெடுதல். அடுத்த செய்திக்கு மாறும்போது குரல் மேலே எழுவதும், எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும் 'வா' என்ற இடைச்சொல்லுக்குப் பின் வாசிப்பவர் சற்றே நிறுத்துவதும் வேகத்தோடு சேர்ந்தவை. வேகத்தைக் குறைத்தால் எல்லா இடமும் நிறுத்தம் போலவே ஒலிக்கும். வாசிப்பவரின் பின்னாலேயே நிழல் போலத் தொடர்ந்து சொல்லும் பயிற்சியும் பிரபலமானது. வாயும் காதும் பழக அது நல்லதுதான். ஆனால் ஒரு சொல்லும் புரியாமலே கிளிப்பிள்ளையாக ஒரு செய்தியை முழுக்கச் சொல்லிவிட முடியும் என்பதால், அதை மட்டுமே நம்பக்கூடாது.

பலன் தரும் பயிற்சி எளிமையானது. ஜப்பான் ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யின் செய்தியில் ஒரே ஒரு செய்தியை, இயல்பான வேகத்தில், நிறுத்தாமல் ஒருமுறை கேட்க வேண்டும். உடனே அதைத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் எழுவாயும் வினையும் இருந்தாக வேண்டும். "ஏதோ நூலகம் பற்றி" என்பது கணக்கில் வராது. "நூலகம் பேச்சை அனுமதித்ததால் கூட்டம் கூடியது" என்பது கணக்கில் வரும். பிறகுதான் எழுத்து வடிவத்தை எடுத்து ஒப்பிட வேண்டும். எழுத்தில் பார்த்த பின்பும் புரியவில்லை என்றால் குறை சொல்வளத்தில். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டால் குறை காதில். முதலாவதற்குச் செய்திச் சொற்களைப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு அதே செய்தியை அதே வேகத்தில் மறுபடி கேட்க வேண்டும்.

தேர்வறையில் நான்கு விடைகளும் குரலாகவே வருவதால், கையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. வெற்றுத்தாளில் ஒன்று முதல் நான்கு வரை எண்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடையும் ஒலிக்க ஒலிக்கப் பக்கத்தில் பெருக்கலோ வட்டமோ போட வேண்டும். சந்தேகமானால் முக்கோணம். நான்காவது முடிந்ததும் வட்டம் விழுந்த எண்ணைப் பென்சிலால் விடைத்தாளில் நிரப்பிவிட வேண்டும். வட்டம் எங்குமே விழவில்லை என்றால் முக்கோணம் விழுந்த எண்ணை. ஏனென்றால் இதற்குள் ஒலிபெருக்கி அடுத்த எண்ணைச் சொல்லியிருக்கும். பேசுபவர் யார் என்று சொல்லும் அந்த ஒற்றை வரி ஓடிக்கொண்டிருக்கும்.